இங்கிலாந்தில் முதல் செமஸ்டர்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஜனவரியில் ஏன் தடுமாறுகிறார்கள்?

செப்டம்பரில் விமானம் ஏறின பிள்ளை தீபாவளி வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தது. டிசம்பரில் பேச்சு குறைந்தது. பிப்ரவரியில் திடீரென்று "ரெண்டு மாட்யூல் போச்சு", அதாவது இரண்டு பாடத்தில் தோல்வி என்று ஒரு வரி வருகிறது, வீடே கலங்கிப்போகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் நிலத்துப் பத்திரத்தை வைத்தோ கல்விக்கடன் வாங்கியோ பிள்ளையை அனுப்பிய வீடுகளில் அப்போது கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மூன்று. இங்கே 85 சதவீதம் வாங்கின பிள்ளை அங்கே 42 வாங்குவது எப்படி? போனால் போகட்டும், அரியர் எழுதிக்கொள்ளலாம்தானே? பெற்றோர் மெயில் போட்டுக் கேட்டால்கூடப் பல்கலைக்கழகம் ஏன் பதில் சொல்ல மறுக்கிறது?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அங்குள்ள ஏற்பாடு முழுவதும், மாணவர் வயது வந்த ஒரு ஆள், அவருக்கு ஏதாவது வேண்டும் என்றால் அவரே, உரிய தேதிக்குள், எழுத்தில் கேட்பார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. கேட்காமல் இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகளோ கஷ்டத்தைச் சொல்லாமல் சமாளிப்பதுதான் பொறுப்பு என்று வளர்ந்தவர்கள். இந்த இரண்டும் மோதும் இடம்தான் முதல் செமஸ்டர்.

இங்கே இங்கிலாந்தின் ஓராண்டு முதுநிலைப் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கா, கனடா, ஜெர்மனியில் விதிகள் வேறு. இங்கிலாந்துக்குள்ளேயே பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஆகவே கடைசி வார்த்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் கையேடுதான்.

## முதலில் கணக்கு

அங்கே ஒரு முதுநிலைப் படிப்பு 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவழிக்க வேண்டிய உழைப்பு சுமார் 10 மணி நேரம் என்று கணக்கு. 20 கிரெடிட் மாட்யூல் ஒன்றுக்கு 200 மணி நேரம். இதில் வகுப்பு எவ்வளவு? வாரத்துக்கு இரண்டு மணி நேர விரிவுரை, ஒரு மணி நேர செமினார் என்று 11 வாரம் வைத்தால் 33 மணி நேரம். மீதி 167 மணி நேரம் மாணவர் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. அந்த நேரத்தை யாரும் கண்காணிக்க மாட்டார்கள், இடைத்தேர்வும் பெரும்பாலும் கிடையாது.

டைம்டேபிளைப் பார்த்ததும் "வாரத்துக்கு மூணு நாள்தான் கிளாஸ்" என்று பிள்ளை சந்தோஷமாகச் சொல்லும், வீட்டிலும் அப்படியென்றால் வேலைக்குப் போகலாமே என்று நினைப்பார்கள். அந்தக் காலி நாட்கள்தான் உண்மையில் பாடம். செமினாருக்கு முன் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற இரண்டு மூன்று கட்டுரைகளும் அதற்குள் அடக்கம். படிக்காமல் போனால் செமினாரில் வாய் திறக்க முடியாது. ஒரு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்தவருக்கு அங்கே போகவே கூச்சமாகிவிடும்.

அடுத்தது மதிப்பெண். முதுநிலையில் தேர்ச்சி 50. 60க்கு மேல் மெரிட், 70க்கு மேல் டிஸ்டிங்ஷன். 80ஐத் தாண்டுவது அபூர்வம். 64 வாங்கின பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது என்று அர்த்தம், ஆனால் அந்த எண்ணை நம் ஊர்க் கண்ணால் பார்க்கிற அப்பாவுக்கு அது சறுக்கலாகத் தெரிகிறது. 54 வாங்கின பிள்ளை அதை வீட்டில் சொல்லவே கூசுகிறது. போகும் முன்பே இந்த அளவுகோலை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிப் பொய் தேவைப்படாது.

இதில் மோசமான சங்கதி, முதல் மதிப்பெண் வருகிற நேரம். முதல் செமஸ்டருக்கான அசைன்மென்ட்களைப் பல இடங்களில் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில்தான் வாங்குகிறார்கள், அதாவது இங்கே பொங்கல் நேரம். திருத்தித் தர மூன்று வாரம் ஆகும். ஆக, தான் எழுதுகிற முறை தவறு என்று ஒரு மாணவருக்கு முதன்முதலில் தெரிவதே பிப்ரவரியில். அதற்குள் வகுப்புகளில் பாதி முடிந்துவிடும். இங்கே மாதாந்திரத் தேர்வு, இன்டர்னல் என்று அடிக்கடி மார்க் பார்த்துப் பழகியவருக்கு, நான்கு மாதம் எந்த அறிகுறியும் இல்லாமல் நகர்வது புதுசு.

நடுவில் ஃபார்மேட்டிவ் என்ற பெயரில் மதிப்பெண் சேராத ஒரு சிறு பயிற்சி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். மார்க் கிடையாது என்பதால் அதை எழுதாமல் விடுகிறவர்கள் நிறைய. தவறை விலையில்லாமல் தெரிந்துகொள்ள முதல் செமஸ்டரில் கிடைக்கிற ஒரே வாய்ப்பு அதுதான், தயவுசெய்து விடாதீர்கள்.

## எழுதுவதில் எங்கே இடறுகிறது

நம் கல்லூரிகளில் நல்ல விடை என்றால் புத்தகத்தில் இருப்பதைச் சரியாக, முழுதாக, தலைப்புப் போட்டு எழுதுவது. அங்கே அதற்கு 45க்கு மேல் கிடைப்பது கஷ்டம். அவர்கள் கேட்பது, இதைச் சொன்னவர் யார், எந்த ஆதாரத்தில் சொன்னார், அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று நீ என்ன நினைக்கிறாய் என்பது. சும்மா சொன்னால் புரியாது, ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எழுதிய வாக்கியம். ஒரு ஆய்வுக் கட்டுரையில் இப்படி இருக்கிறது:

> கடலோர டெல்டாக்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுப்பதால் கடல்நீர் உள்ளே புகுந்து விவசாயக் கிணறுகள் உப்பாகின்றன.

மாணவர் இப்படி எழுதி, கடைசியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடுகிறார்:

> கரையோர டெல்டாப் பகுதிகளில் நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சுவதால் உப்புநீர் உட்புகுந்து பாசனக் கிணறுகள் உவர்ப்பாகின்றன.

பெயர் போட்டாயிற்றே, வார்த்தையும் மாற்றியாயிற்றே என்று அவர் நினைக்கிறார். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு இடம் என்றால் எச்சரிக்கையோடு போகலாம், கட்டுரை முழுக்க இப்படி என்றால் அது கருத்துத் திருட்டு விசாரணைக்குப் போகும். அவர்கள் எதிர்பார்ப்பது ஏறக்குறைய இப்படி:

> கிணறுகள் உப்பாவதற்கு அதிகப்படியான நீரெடுப்பையே இந்த ஆய்வு முதன்மைக் காரணமாகச் சொல்கிறது. ஆனால் அளவுகள் எடுக்கப்பட்டது கோடையில் மட்டும். ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களிலும் இதே நிலைதானா என்பதற்கு இதில் விடை இல்லை.

மூன்றாவதை எழுத பெரிய ஆங்கிலப் புலமை வேண்டியதில்லை. மூலக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, அதில் என்ன படித்தோம் என்று யோசித்து எழுதினால் தானாக இப்படி வரும். பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு வரி வரியாக மாற்றினால் இரண்டாவதுதான் வரும்.

டர்னிட்டின் என்கிற மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பற்றி ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. 15க்குக் கீழே இருந்தால் தப்பித்தோம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த எண் சொல்வது, மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான். மேற்கோள் நூற்பட்டியல், கேள்வித்தாளின் வரிகள் எல்லாம் சேர்ந்து 25 வந்தாலும் குற்றமில்லாமல் இருக்கலாம். 8 சதவீதமே வந்து, அது முழுக்க ஒரே பத்தியாக ஒரே இடத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் மாட்டிக்கொள்வார். தீர்மானிப்பது பேராசிரியர்.

நம் பிள்ளைகள் அதிகம் விழுகிற குழி இன்னொன்று: கூட்டாக எழுதுவது. ஒரே வீட்டில் தங்கியிருக்கிற தோழி "உன் அசைன்மென்ட்டைக் கொஞ்சம் அனுப்பு, எப்படி எழுதியிருக்கன்னு மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்" என்பாள். நோட்ஸ் கொடுக்காதவரைச் சுயநலக்காரர் என்று நினைத்து வளர்ந்த நமக்கு மறுக்க மனம் வராது. இரண்டும் ஒத்திருந்தால் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் விசாரணைக்குப் போவார்கள். பேசலாம், சேர்ந்து படிக்கலாம், கேள்வியை விவாதிக்கலாம், கோப்பை மட்டும் அனுப்பக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் செய்வது, 2022 முதல் இங்கிலாந்துச் சட்டப்படியே குற்றம். வாங்குகிற மாணவரைப் பல்கலைக்கழகம் படிப்பை விட்டே நீக்கலாம்.

விசாரணைக் கடிதம் வந்துவிட்டால் அதைப் பார்த்து உறைந்துபோய்ப் பதில் போடாமல் இருப்பதுதான் செய்யக்கூடாத காரியம். அழைத்த நாளில் போக வேண்டும். மாணவர் சங்கத்தின் ஆலோசகரைக் கூடவே அழைத்துப்போகப் பெரும்பாலும் விதியில் இடம் உண்டு. முதல் தடவை, முதல் செமஸ்டர், தெரியாமல் செய்தது என்றால் பல இடங்களில் அதை மோசமான எழுத்துப் பழக்கம் என்று வகைப்படுத்தி, மதிப்பெண்ணைக் குறைத்து, ஒரு பயிற்சிக்கு அனுப்புவதோடு முடித்துக்கொள்கிறார்கள். பதிலே இல்லை என்றால் அந்தச் சலுகையைத் தர அவர்களிடம் காரணம் இருக்காது.

## ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனிமை

"கூட ஆறு தமிழ்ப் பசங்க இருக்காங்க, அவனுக்கென்ன தனிமை" என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். பழக ஒரு வட்டம் இல்லாதது ஒன்று. மனம் விட்டுப் பேச ஒரு நெருக்கமான ஆள் இல்லாதது இன்னொன்று. ஒன்று தீர்ந்தால் மற்றது தீராது. ஆறு பேர் வீட்டில் முதலாவது தீர்ந்துவிடுகிறது, இரண்டாவது அப்படியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 200 வெளிநாட்டு மாணவர்களிடம் நேரில் பேசி 2008இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினர் தனிமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அந்த ஆய்வாளர்கள் மூன்றாவதாக ஒரு வகையையும் சேர்த்தார்கள், பண்பாட்டுத் தனிமை என்று. சுற்றி ஆட்கள் இருந்தாலும், பழகின மொழியும் நடைமுறையும் சூழலில் இல்லாததால் வருவது அது. மார்கழியில் விடியற்காலைக் கோயில் பாட்டு காதில் விழாதது, கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடாதது என்று சின்ன விஷயங்களில்தான் அது தாக்கும், அதனாலேயே அதை யாரிடமும் ஒரு குறையாகச் சொல்ல முடியாது.

முதலில் தேனிலவு மாதிரி இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் சரியும், பிறகு ஏறும் என்று ஒரு வளைவை ஓரியன்டேஷனில் காட்டுவார்கள். 1955இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதியதில் தொடங்கியது அது. ஆனால் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், மன உளைச்சல் மிக அதிகமாக இருந்தது வந்திறங்கிய நேரத்தில்தான், பிறகு அது குறைந்தது என்று தெரிந்தது. ஆகவே முதல் வாரத்திலேயே அழுகை வந்தால் நமக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டியதில்லை, ஆறாவது மாதத்தில் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை.

டிசம்பரில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே பல விஷயங்கள் ஒரே நேரத்தில் சேர்கின்றன. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், இந்தியாவோடு நாலரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஐந்தரை ஆகும். அவர்கள் வகுப்பு முடிந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இங்கே இரவு பன்னிரண்டரை, அம்மா தூங்கியிருப்பார். டிசம்பர் நடுவில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், வடக்கே போகப்போக இன்னும் சீக்கிரம். கிறிஸ்துமஸுக்குக் கூடப் படிக்கிற உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வளாக அலுவலகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் மூடியிருக்கும், 25ஆம் தேதி பெரும்பாலான ஊர்களில் பஸ், ரயில் கிடையாது. அதே நேரத்தில்தான் மூன்று அசைன்மென்ட்டும் எழுதியாக வேண்டும்.

இதோடு வேலை. மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்காரர்களுக்குப் படிப்பு நடக்கிற பருவத்தில் வாரம் 20 மணி நேரம் உச்சவரம்பு, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். முதுநிலையில் கோடையில் ஆய்வேடு எழுதுகிற மாதங்களும் படிப்பு நடக்கிற பருவமாகத்தான் கணக்கு. கிடங்கிலும் முதியோர் இல்லத்திலும் இரவு ஷிஃப்ட்டுக்குத்தான் ஆள் எடுப்பார்கள் என்பதால் தூக்கம் தலைகீழாகிறது, காலை ஒன்பது மணி செமினார் போகிறது.

அறிகுறிகளை வீட்டிலிருந்தே கவனிக்கலாம். நம் பிள்ளைகள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் வெறும் குரலுக்கு மாறுவது, "சாப்பிட்டேன், கிளாஸ் இருக்கு" என்று இரண்டு வார்த்தையில் முடிப்பது, அவர்கள் ஊரில் விடியற்காலை நாலு மணிக்கும் வாட்ஸ்அப்பில் இருப்பது, கூடப் படிப்பவர் ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் இருப்பது. ஒன்று இரண்டு நாள் என்றால் களைப்பு. இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கேட்க வேண்டிய நேரம்.

## யாரிடம் எதற்குப் போவது

ஓரியன்டேஷன் வாரத்தில் பத்து அலுவலகங்களின் பெயரைச் சொல்லிவிடுவார்கள், ஒன்றும் மனதில் நிற்காது. உண்மையில் ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. பெர்சனல் ட்யூட்டர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்கப்பட்ட பேராசிரியர். பாடம், வருகை, தேதி நீட்டிப்பு, யாரைப் பார்ப்பது என எதற்கும் முதல் வாசல் இவர். மெயில் போட்டு இருபது நிமிடம் கேட்டால் தருவார். பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

2. வெல்பீயிங் பிரிவும் கவுன்சலிங்கும். கட்டணம் கிடையாது. காத்திருப்பு சில வாரம் ஆகலாம், அதனால் முற்றிய பிறகு போவதைவிட நவம்பரிலேயே பதிவது நல்லது. அவசரம் என்று சொன்னால் அன்றே ஒருவரைப் பார்க்கப் பல இடங்களில் ஏற்பாடு உண்டு.

3. ஜிபி, அதாவது அந்தப் பகுதியின் பொது மருத்துவர். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியாயிற்று, அதனால் மருத்துவரைப் பார்க்கத் தனிக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு மட்டும் பத்து பவுண்டு அளவில் ஆகும். வந்த வாரமே பதிவு செய்ய வேண்டும், உடம்பு படுத்த பிறகு செய்தால் நாள் ஓடும். உடல்நிலையோ மனநிலையோ காரணம் என்றால், இந்த மருத்துவரின் கடிதம்தான் பிறகு விண்ணப்பத்துக்கு ஆதாரம்.

4. மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம். இது பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து விலகி நிற்பது. விசாரணை, மேல்முறையீடு, வீட்டுக்காரர் தகராறு எல்லாவற்றுக்கும் மாணவர் பக்கம் நின்று பேசுகிறவர்கள்.

5. சர்வதேச மாணவர் அலுவலகம். விசா சம்பந்தப்பட்ட எந்த முடிவுக்கும் முன்னால் இங்கே கேட்க வேண்டும்.

பிள்ளைகள் இவர்களிடம் போகாததற்கு முக்கியக் காரணம் ஒரு பயம்: கவுன்சலிங் போனால் விசாவில் பதிவாகும், மார்க்கில் தெரியும், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். மூன்றும் உண்மையில்லை. உயிருக்கு ஆபத்து என்று கருதும் நிலையைத் தவிர, கவுன்சலர் பேராசிரியரிடமோ குடிவரவுத் துறையிடமோ பெற்றோரிடமோ போய்ச் சொல்வதில்லை. குடிவரவுத் துறைக்குப் பல்கலைக்கழகம் தெரிவிக்க வேண்டியது, மாணவர் படிப்பில் தொடர்ந்து ஈடுபடவில்லை என்றால்தான். ஆக, சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் விசாவுக்கு ஆபத்து.

## ஒரு உதாரணம், தேதிவாரியாக

பலருக்கு நடப்பதை ஒன்றுசேர்த்து ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். பாபநாசம் பக்கம் ஊர். மூன்று மாட்யூல், மூன்று அசைன்மென்ட், கடைசித் தேதி ஜனவரி 9. டிசம்பர் 10ஆம் தேதி ஊரில் அப்பாயி இறந்துபோகிறார், வளர்த்த அப்பாயி. படிப்பு கெட்டுப்போகும் என்று வீட்டில் பத்து நாள் மறைத்து, பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்களை அழைக்கிற பேச்சில் அவளுக்குத் தெரியவருகிறது. கடைசியாக முகம் பார்க்கவில்லை என்பதோடு, எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள் என்பதும் சேர்ந்து அவளால் இரண்டு வாரம் எதையும் எழுத முடியவில்லை.

வழக்கமாக நடப்பது இது. யாரிடமும் சொல்லாமல், கடைசி மூன்று நாளில் தூங்காமல் எழுதி மூன்றையும் கொடுத்துவிடுகிறாள். பிப்ரவரியில் 52, 44, 38 வருகிறது. இரண்டு போச்சு. அதன் பிறகு "எங்கள் அப்பாயி இறந்துவிட்டார்" என்று எழுதுகிறாள், ஏற்க மறுக்கிறார்கள். ஏன் என்றால், பல பல்கலைக்கழகங்களில் ஒரு விதி உண்டு: ஒருவர் தேர்வு எழுதினாலோ அசைன்மென்ட்டைச் சமர்ப்பித்தாலோ, அதற்குத் தகுதியான நிலையில் தான் இருந்ததாக அவரே அறிவித்ததாக அர்த்தம். பின்னால் வந்து மாற்றிச் சொல்வது கடினம். மறுதேர்வு கிடைக்கும், ஆனால் என்ன எழுதினாலும் 50க்கு மேல் போடமாட்டார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு வாய்ப்பு. அரியரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நம் கணக்கு இங்கேதான் உடைகிறது. மறுதேர்வும் கோடையில் ஆய்வேட்டோடு சேர்ந்துதான் வரும்.

சரி, அவள் என்ன செய்திருக்கலாம்? டிசம்பர் 20ஆம் தேதி தெரிந்ததும் ட்யூட்டருக்கு நான்கு வரி மெயில், அதன் பிறகு சிறப்புச் சூழ்நிலை விண்ணப்பம். மிட்டிகேட்டிங் அல்லது எக்ஸ்டென்யுவேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ் என்ற பெயரில் இணையப் படிவமாக இருக்கும். நீளமாக உருக்கமாக எழுதத் தேவையில்லை. என்ன நடந்தது, எந்தத் தேதியில், அது எந்த அசைன்மென்ட்டை எப்படிப் பாதித்தது, என்ன கேட்கிறேன், இவ்வளவுதான். இறப்புச் சான்றிதழை ஆதாரமாக இணைக்க வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழ் பொதுவாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே இருப்பதால் மொழிபெயர்ப்புச் சிக்கல் வராது, ஆனால் 21 நாளுக்குள் பதிய வேண்டியதை வீட்டில் உடனே பதிந்து அனுப்பினால்தான் அவளுக்குக் கைகொடுக்கும். சான்றிதழ் வரத் தாமதமானால் பிறகு தருகிறேன் என்று குறித்துவிட்டு விண்ணப்பத்தை மட்டும் கடைசித் தேதிக்குள் போட்டுவிட வேண்டும்.

கிடைப்பது இரண்டில் ஒன்று. ஒன்றிரண்டு வாரம் நீட்டிப்பு, அல்லது இந்த முறையைக் கணக்கில் எடுக்காமல் அடுத்த வாய்ப்பில் முதல் முயற்சியாகவே எழுத அனுமதி. இரண்டாவதில் 50 என்ற உச்சவரம்பு கிடையாது, அவள் 66 எழுதினால் 66தான். துக்கம் ஒன்றே, போன மாட்யூலுக்கும் 66க்கும் நடுவில் இருப்பது ஜனவரி 9க்கு முன்னால் போட்ட ஒரு படிவம்.

எல்லாக் காரணத்தையும் ஏற்கமாட்டார்கள். திடீர் நோய், நெருங்கியவர் மரணம், விபத்து, மருத்துவர் உறுதிசெய்த மனநலக் குறைவு ஏற்பார்கள். வேலையில் ஷிஃப்ட் அதிகம், லேப்டாப் பழுது, கட்டணம் கட்ட அலைச்சல் என்பவை பொதுவாகச் செல்லாது. நெருங்கியவர் என்பதில் தாத்தா பாட்டியைச் சேர்க்காத இடங்களும் உண்டு. அங்கே, தன்னை வளர்த்தவர் அவர்தான், ஒரே வீட்டில் இருந்தோம் என்பதை அவளே எழுதிச் சொல்ல வேண்டும். கூட்டுக்குடும்பம் என்பது படிவத்தைப் படிப்பவருக்குத் தானாகத் தெரியாது.

முடிவு நியாயமில்லை என்று பட்டால் பல்கலைக்கழகத்துக்குள் மேல்முறையீடு. அதுவும் முடிந்து, நடைமுறை நிறைவுக் கடிதம் கையில் வந்தால், இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்கான சுயேச்சைத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு 12 மாதத்துக்குள் இலவசமாக எழுதலாம். ஆனால் அது ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணை மாற்றாது, விதிப்படி நடந்தார்களா என்றுதான் பார்க்கும்.

## படிப்பை நிறுத்திவைப்பது

மனம் மிகவும் உடைந்துபோன பிள்ளையிடம் "ஆறு மாதம் இடைவெளி எடுத்துக்கொள்" என்று ட்யூட்டர் நல்லெண்ணத்தில் சொல்வார். உள்ளூர் மாணவருக்கு அது சரி. விசாவில் இருப்பவருக்கு அது வேறு கதை. இடைவெளி 60 நாளுக்கு மேல் போனால் பொதுவாகப் பல்கலைக்கழகம் விசா ஆதரவை விலக்கிக்கொள்ள வேண்டும், அதன் பின் குடிவரவுத் துறை விசாவைச் சுருக்கும், ஊர் திரும்ப வேண்டிவரும். திரும்பப் படிக்க வரும்போது புது விசா, புதுக் கட்டணம், புது சுகாதாரக் கட்டணம்.

அதற்காக இடைவெளியே எடுக்கக்கூடாது என்றில்லை. சில பேருக்கு ஊருக்கு வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போவதுதான் உயிர்காக்கும் முடிவு, அதற்கு ஆகிற செலவை வீட்டில் யாரும் குத்திக்காட்டக் கூடாது. படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மூன்று கேள்வி மட்டும் கேட்க வேண்டும்: என் விசா என்னைக்கு முடியும்? கட்டின கட்டணம் அடுத்த ஆண்டுக்குச் செல்லுமா? திரும்பி வரக் கடைசித் தேதி எது? கல்விக்கடன் இருந்தால் இங்கே வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தவணை தொடங்கும் நாள் படிப்பு முடியும் தேதியை வைத்துத்தான் கணக்கு.

## பெற்றோருக்கு ஏன் பதில் வராது

பதினெட்டு வயது தாண்டியவரின் மதிப்பெண்ணோ வருகையோ உடல்நிலையோ அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் சொல்ல அங்கே தகவல் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. கட்டணம் கட்டியது அப்பா என்பதால் அது மாறாது. இங்கே ஹெச்.ஓ.டி. வீட்டுக்குப் போன் போட்டுப் பழகிய நமக்கு இது அலட்சியமாகத் தோன்றும், ஆனால் பதில் எழுதுகிறவர் சட்டத்தைத்தான் பின்பற்றுகிறார்.

செய்யக்கூடியது, பிள்ளை சேரும்போதே நம்பகமான ஒரு தொடர்பாளரைக் குறித்து, கவலைக்குரிய நிலையில் அவரிடம் பேசலாம் என்று சம்மதம் கொடுப்பது. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018இல் இந்த விருப்பச் சம்மத முறையைக் கொண்டுவந்தது, இப்போது இப்படிப் பல இடங்களில் உண்டு. ஆங்கிலத்தில் போனில் பேசத் தயங்குகிற பெற்றோர் என்றால் அங்கேயே இருக்கிற சித்தப்பாவையோ அக்காவையோ குறிக்கலாம்.

அவசரத்துக்கு எண்கள்: உயிராபத்து என்றால் 999. இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக்கான குழு கிடைக்கும். வெறுமனே ஒருவரிடம் பேச வேண்டும் என்றால் சமாரிட்டன்ஸ் 116 123, இரவும் பகலும். துக்கத்தைத் தமிழில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும் என்கிற பிள்ளைகளும் உண்டு. பெற்றோருக்கு இங்கே யோசனை கேட்க வேண்டுமானால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

பிள்ளை இரண்டு நாளாக எடுக்கவில்லை, கூட இருப்பவர்களுக்கும் தெரியவில்லை என்ற நிலை வந்தால், தகவல் கேட்டு மெயில் எழுதிக் காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவு 24 மணி நேரமும் போன் எடுக்கும், அந்த எண் அவர்களுடைய இணையதளத்தில் இருக்கும். மாணவர் எண், விடுதி முகவரி, அறை எண், கடைசியாகப் பேசிய நேரம், ஏன் பயப்படுகிறோம் என்பதை மட்டும் சொல்லி, நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தனி வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர்ப் போலீசிடம் இதையே கேட்கலாம். பிள்ளையைப் பற்றி அவர்கள் உங்களிடம் விவரம் எதுவும் சொல்லாமல் போகலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அறைக் கதவைத் தட்ட அந்தச் சட்டம் குறுக்கே நிற்காது.